புதுப்பிப்பு: தானாக மறுதொடக்கமாகும் பலகை

என் முந்தைய கேள்வி: "ஏடிமெகா328பி பலகை சில மணிக்கொரு முறை தானாகவே மறுதொடக்கமாகிறது. நிரலில் பிழையா?"

நிரலில் பிழையில்லை. அனுபவமிக்க நண்பர் ஒருவர் சொன்னபடி நிரலின் தொடக்கத்திலேயே, மறுதொடக்கத்தின் காரணத்தைக் காட்டும் `MCUSR` பதிவேட்டைப் படித்தபோது, மின்னழுத்தச் சரிவைக் குறிக்கும் `BORF` பிட் 1 ஆக இருந்தது. அதாவது, பலகையோடு இணைத்த எண்காட்டியின் எல்.இ.டி.கள் ஒரே நொடியில் எரியும்போது மின்னழுத்தம் நான் அமைத்திருந்த 4.3 வோல்ட் வரம்புக்குக் கீழே சரிந்திருக்கிறது.

மின்வழங்கியருகே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போதும் என்றார் இன்னொருவர். மின்தேக்கி தேவை என்பது சரி, ஆனால் அங்கிருந்து பலகைக்கு வரும் நீண்ட கம்பியின் தூண்டல், எல்.இ.டி.களுக்குத் தேவையான மின்னோட்டத்தை உடனே வந்துசேர விடாது. அதனால் சில்லின் மின்வழங்கல் கால்களான VCC, AVCC ஆகியவற்றை ஒட்டி 100 நானோஃபாரட் வீதமும், பக்கத்தில் 10 மைக்ரோஃபாரட்டும் இணைத்தேன். மூன்று நாட்களாக மறுதொடக்கமில்லை. அனலாக் அளவீடு எப்போதாவது துள்ளுவதன் காரணத்தை மட்டும் இன்னும் தேடுகிறேன்.