கடைசி வரிசைக்கு "மாட்டோம்" கேட்கவில்லை

தொடங்கியவர்:
திறந்தவெளிக் கூட்டத்துக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எனக்கு நடந்தது இது. எங்கள் தொழிற்சாலை வாசலில் கூட்டம், அறுநூறு எழுநூறு பேர் இருப்பார்கள், இரண்டே குழாய் ஸ்பீக்கர், பக்கத்திலேயே லாரி போகிற சாலை. தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த முக்கியமான வரி: "நிர்வாகம் முன்வைத்திருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முறையை, தொழிலாளர்களின் உடல்நலத்தையும் குடும்பச் சூழலையும் கணக்கில் எடுக்காமல் திணிக்கப்படுவதால், எந்த நிலையிலும் நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்." முன்வரிசை கைதட்டியது. கூட்டம் கலையும்போது பின்னால் நின்ற ஒருவர் என்னிடம் வந்து, "பன்னிரண்டு மணி நேரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டீர்களாமே?" என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, அவரைச் சுற்றி நின்ற எல்லோருமே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் முழுவதும் ஒவ்வொரு ஷிஃப்டாகப் போய் விளக்க வேண்டியதாயிற்று. அடுத்த கூட்டம் பத்து நாளில். எப்படி எழுதுவது?

சத்தக்காரர்:
ஸ்பீக்கரில் சவுண்டைக் கூட்டியிருந்தால் கேட்டிருக்கும். பேசுபவரையும் மைக்கை வாயோடு வைத்துக் கத்திப் பேசச் சொல்லுங்கள். எழுத்தில் என்ன குறை இருக்கிறது?

மைக் செட் போடுபவர்:
மைக் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சரி. சவுண்டைக் கூட்டுவதில்தான் சிக்கல். அந்த இரண்டு குழாயையும் வாசலின் இரண்டு முனையிலும் கட்டியிருப்பார்கள், நடுவில் ஒரு 60 மீட்டர் என்று வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஒரு குழாயின் அடியில் நிற்பவருக்கு மற்றக் குழாயின் சத்தம் 0.18 நொடி தாமதமாக வரும். வேகமாகப் பேசுகிறவர் அந்த நேரத்தில் ஓர் அசையையே சொல்லி முடித்துவிடுவார். அதாவது "மாட்" என்று காதில் விழும்போதே முந்தைய "கொள்ள" அதன் மேல் ஏறுகிறது. சவுண்டைக் கூட்டினால் இரண்டு குழாயும் சேர்ந்துதான் கூடும், குழப்பம் அப்படியே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் ஆம்ப்ளிஃபயர் கரகரக்க ஆரம்பித்து, வல்லினமெல்லாம் ஒன்றுபோலக் கேட்கும்.

அடுத்த முறை இரண்டு குழாயையும் ஒரே கம்பத்தில், ஆளுக்கொரு பக்கம் பார்த்த மாதிரி கட்டச் சொல்லுங்கள், இரட்டைச் சத்தம் பெருமளவு போய்விடும். அது முடியாத இடத்தில், எழுதுகிறவர்தான் இடைவெளி விட வேண்டும். மூன்று நான்கு சொல், அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் முந்தைய சத்தத்தின் வால் அடங்கும்.

நெடுநாள் பேச்சு எழுதுபவர்:
உங்கள் வரியில் இன்னொன்றும் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும், மறுப்பு அந்த வினைக்கும் கடைசியில் வரும். நீளமான வாக்கியத்தின் கடைசியில் பேசுபவருக்கு மூச்சு தீர்ந்து குரல் இறங்கும், அதே நொடியில் முன்வரிசை கைதட்டத் தொடங்கும். ஆக, ஒரே ஒரு சொல்லில் நிற்கிற முடிவை, எல்லாச் சத்தமும் வந்து மோதுகிற இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். "ஏற்றுக்கொள்ள" வரை கேட்டவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். உடல்நலம், குடும்பம் என்று நடுவில் வரும் காரணங்களை முழுசாக வெளியே எடுங்கள், அவற்றுக்குத் தனி வரி கொடுக்கலாம்.

எதிர்ப்புச் சொல்லையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு கூட்டத்துக்கு "வேண்டாம்" என்று முடிகிற முழக்கம் எழுதிக் கொடுத்தேன், பின்பாதி "வேண்டும்" என்று திருப்பிக் கத்தியது. இரண்டும் "வேண்" என்று தொடங்கி "ம்" என்று முடிகிறவை, நடுவில் ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம், காற்று வீசினால் அதுவும் போச்சு. "முடியும்", "முடியாது" இரண்டும் "முடி" என்றே தொடங்குகிறவை, வால் போனால் எது என்று தெரியாது. "மாட்டோம்" என்பதற்கு அப்படி ஒட்டிப் பிறந்த எதிர்ச்சொல் கிடையாது. அதைத் தனியாக நிறுத்துங்கள்:

பன்னிரண்டு மணி நேரமா?
மாட்டோம்.

பன்னிரண்டு மணி நேரமா?
மாட்டோம்.

எட்டு மணி நேரம்.
அதற்கு மேல் மாட்டோம்.

திரும்பச் சொல்லும்போது ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். தாளில் எழுதுகிறபோது "மறுக்கிறோம்", "நிராகரிக்கிறோம்" என்று மாற்றி எழுதத்தான் கை போகும். பாதிதான் கேட்டவருக்கு அது புதுச் செய்தியாகப் படும், முதலில் விட்டதை அதை வைத்து நிரப்பிக்கொள்ள முடியாது.

விளையாட்டு விழா ஆசிரியை:
நான் பேச்சு எழுதுவதில்லை, மைதானத்தில் அறிவிப்பு மட்டும் செய்கிறேன், ஆனால் எண்களில் எனக்கும் இதே தொல்லை. "அறுபது" என்று கூப்பிட்டால் இருபதாம் எண் பிள்ளையும் ஓடி வரும். இப்போது "அறுபது. ஆறு, பூஜ்யம். அறுபது." என்று சொல்கிறேன். "எழுபது", "எண்பது" வந்தாலும் அப்படியே. உள்ளரங்க மேடைப் பேச்சுக்கும் இது பொருந்துமா என்று யாராவது சொன்னால் நல்லது, அடுத்த மாதம் ஆண்டு விழா வருகிறது.

மோனைப் பிரியர்:
மோனை போட்டு எழுதுங்கள், காதில் ஒட்டிக்கொள்ளும். "உழைப்பு, உரிமை, உயிர்" மாதிரி.

நெடுநாள் பேச்சு எழுதுபவர்:
மனதில் நிற்க மோனை உதவும், நானும் போடுவேன். ஆனால் இரைச்சலில் சொல்லின் தொடக்கம்தான் கொஞ்சமாவது தப்பிப் பிழைக்கிறது. மூன்றும் "உ" என்று தொடங்கினால், மூன்றில் எது சொன்னார் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. முழக்கத்தில் போடுங்கள், கோரிக்கைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் வேண்டாம்.

இன்னொரு உறுப்பினர்:
2011இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் போராட்டம் நடந்தபோது, ஜூக்கோட்டி பூங்காவில் அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைக்க முடியாது. அதனால் பேசுபவர் ஒரு சிறு தொடர் சொல்வார், பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள், கூட்டம் பெரிதாக இருந்தால் அதற்குப் பின்னால் நிற்பவர்கள் மறுபடியும் சொல்வார்கள். நீளமாகச் சொன்னால் கூட்டத்தால் திருப்பிச் சொல்ல முடியாது, ஆகவே பேசுபவர் தானாகவே சுருக்க வேண்டிவந்தது. உங்கள் "மாட்டோம்" வரியை அப்படிக் கூட்டமே சொல்லும்படி விடலாம். குழாய் கைவிட்டாலும் பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்குமே.

தொடங்கியவர்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கூட்டம் நேற்று முடிந்தது. நாற்பது வரிப் பேச்சைப் பதினாறாகக் குறைத்தேன், பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு ஒரு தொடர், நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி. முந்தின நாள் மாலை அதே வாசலில் ஒருவரை அறுபது அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கவைத்து, லாரி போகிற நேரம் பார்த்து மைக் இல்லாமல் வாசித்தேன். கேட்டதை மட்டும் அவர் எழுதினார். "மாட்டோம்" எல்லா இடத்திலும் வந்துவிட்டது. "மிகைநேரப் படி" என்று நான் எழுதியிருந்தது "நேரப்படி" என்று வந்தது, அதை "ஓவர்டைம் காசு" என்று மாற்றினேன். குழாய்கள் இரண்டும் ஒரே கம்பத்துக்கு வந்தன. மூன்றாவது முறை "பன்னிரண்டு மணி நேரமா?" என்றதும் கடைசி வரிசையிலிருந்துதான் முதலில் பதில் வந்தது.

ஆனால் முன்வரிசையில் நின்ற மூத்தவர் ஒருவர் வருத்தப்பட்டார். "எங்களுக்கு ஒரு தடவை சொன்னால் புரியாதா? காரணம் என்று ஒன்றையும் காணோமே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வெட்டிய இருபத்துநான்கு வரியில்தான் காரணங்கள் இருந்தன. அவற்றைத் துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தலைவருக்கு வாயால் சொல்லியாக வேண்டும் என்கிற எண்ணம். முன்னாலும் பின்னாலும் ஒரே பேச்சு போய்ச் சேர்கிற மாதிரி யாராவது எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பார்க்க ஆசை.

மைக் செட் போடுபவர்:
காரணங்களைக் கூட்டம் சேரும்போதே, லாரி குறைவாக இருக்கும் நேரத்தில், வேறொருவரை விட்டு நிதானமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஓரிடத்தில் அது நன்றாக எடுபட்டது. இன்னோரிடத்தில் கூட்டம் வருவதற்குள் வாசித்து முடித்துவிட்டார்கள்.