செவ்வாய் கடகமா சிம்மமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை. கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்த்த பணிக்கர் செவ்வாய் தோஷம் இல்லை என்பதோடு முடித்துவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒருவர் அன்பை எப்படித் தேடி வருவார் என்பதைச் செவ்வாயின் ராசியிலும், எப்படிக் காட்டுவார் என்பதைச் சுக்கிரனின் ராசியிலும் சேர்த்துப் பார்க்கும் மேற்கத்திய முறை.

நம் ஜாதகத்தில் அவருக்குச் செவ்வாய் கடகம் 20 பாகை, எனக்குச் சுக்கிரன் மீனம் 12. மேற்கத்தியக் கணக்கில் அயனாம்சம் ஏறத்தாழ 24 பாகை கூடுவதால் அவருடையது சிம்மம் 14, என்னுடையது மேஷம் 6. இரண்டும் ஒரே அளவு நகர்வதால் நடுவில் உள்ள 128 பாகை மாறவில்லை. எப்படிப் பார்த்தாலும் திரிகோணத்துக்குப் பக்கம்தான். ஆனால் நீர் ராசி நெருப்பு ராசியாகிவிடுகிறது, குணமே வேறு!

சிம்மச் செவ்வாய் நாலு பேர் பார்க்கக் கொண்டாடுமாம். இவரோ சண்டை போட்ட மறுநாள் ஒன்றும் பேசாமல் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டு நழுவுவார். நண்டு மாதிரி பக்கவாட்டு நடை, அசல் கடகம். நானோ மீனம் போல உருகுகிறவள் இல்லை, மேஷம் மாதிரி பட்டென்று கேட்டுவிடுவேன்.

அவருக்கு ஒரு கணக்கும் எனக்கு இன்னொன்றும் எடுப்பது ஏமாற்று வேலை, சரி. அப்புறம் எதை வைத்துப் படிப்பது? இரண்டு முறையிலும் பலன் பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்களேன். அவருடைய சுக்கிரன், என் செவ்வாய் விவரமும் வேண்டுமென்றால் தருகிறேன்.