பார்லர் முன் அறையில் ஹேர் கலர் வாடை போகவில்லை

வணக்கம். மயிலாடுதுறையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். ஆடியில் புது இடத்துக்கு மாறியதிலிருந்து ஒரே பிரச்சினை. ஹேர் கலர் கலக்கிய பத்து நிமிடத்தில் அமோனியா நெடி, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் முன் அறைக்கு வந்துவிடுகிறது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கட்டணம் சொன்னால் பேரம்தான் பேசுவார்.

முன் அறை எட்டுக்குப் பத்து அடி. அதற்கும் வேலை அறைக்கும் நடுவில் துணித் திரை மட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்பிளிட் ஏசி.

முதலில் ரூம் ஸ்பிரே அடித்தேன். மல்லிகையும் அமோனியாவும் கலந்து தலைவலிதான் வந்தது. ஊதுபத்தியும் அப்படித்தான், புகை வேறு. வெட்டிவேரை நனைத்துத் தொங்கவிட்டால் நன்றாக இருக்கிறது, ஆனால் நெடியை அடக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்று வருவதே இல்லை.

மற்றதெல்லாம் சரியாகிவிட்டது. விளம்பரம் குறுக்கிடாதபடி வீணை இசையைப் பென் டிரைவில் போட்டு, பேச்சுக்குக் கீழே ஒலிக்கும்படி வைத்தேன். பித்தளை டபராவில் சூடாக ஃபில்டர் காபி தருகிறேன். அந்த டபராவைக் கையில் வாங்கியதும் முகம் மலர்வதைப் பார்க்கிறேன்.

தை முகூர்த்தத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஏசி ஓடும்போதே நெடி முன் அறைக்கு வராமலிருக்க, எக்ஸாஸ்ட் ஃபேனை வேலை அறையில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?