வந்து சேர்ந்தபோது வண்டியில் பழுதே இல்லை

(சரக்குப் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்)
குளிர்சாதன லாரியில் கோழி இறைச்சி. 0 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 2-இல் வைத்து அனுப்பினோம். காலை 6 மணிக்குக் கிடங்கை அடைந்தபோது முகப்புத் திரையில் 5 டிகிரி. கொஞ்சம் கூடுதல், கதவு திறந்ததால் இருக்கும் என்றார் ஓட்டுநர். ஆனால் கதவோரப் பெட்டி ஒன்றில் வெப்பம் அளக்கும் கம்பியைக் குத்திப் பார்த்த கிடங்கு ஊழியர் 8.5 என்றார். முன்பக்கப் பெட்டியில் 4.

மெக்கானிக் வந்து இயந்திரத்தைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாகவே ஓடுகிறது என்று எழுதிக்கொடுத்தார். அதன்பிறகுதான் இயந்திரத்தின் வெப்பநிலைப் பதிவை இறக்கிப் பார்த்தேன். இயந்திரம் உள்ளே ஊதும் காற்று இரவு முழுவதும் ஏறத்தாழ 1 டிகிரி, கோடு போட்டதுபோல் நேராக. பெட்டிகளைச் சுற்றித் திரும்பி வரும் காற்றோ இரவு 11 மணியிலிருந்து மெல்ல ஏறி, 4 மணிக்கு 11 டிகிரியைத் தொட்டிருந்தது. எங்கள் எச்சரிக்கை மணி ஊதும் காற்றோடு மட்டும் இணைக்கப்பட்டிருந்ததால் யாருக்கும் அது ஒலிக்கவில்லை.

அலுவலகத்தில் ஒருவர், "அந்த நேர்க்கோட்டை மட்டும் அனுப்புங்களேன்" என்றார். வாடிக்கையாளர் நடுப்பெட்டியில் வெப்பநிலையைப் பதியும் தம் கருவி ஒன்றை வைத்திருந்ததை அவர் மறந்துவிட்டார். வைக்காதிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

(முன்னாள் லாரி ஓட்டுநர்)
குளிரூட்டும் கேஸ் கசிந்திருக்கும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. வழியில் சரக்கு இறக்கினீர்களா? இறக்கும்போது இயந்திரத்தை அணைத்தாரா உங்கள் ஆள்? நான் அணைக்காமல் கதவைத் திறக்கவே மாட்டேன்.

(ரீஃபர் பழுதுபார்ப்பவர்)
கேள்வி சரி, பதில் தவறு அண்ணே. கேஸ் குறைந்தால் ஊதும் காற்றே சூடாகும். இங்கே அது 1 டிகிரியில் நிற்கிறது. குளிர் பிறக்கிறது, உள்ளே போய்ச் சேரவில்லை. குளிரூட்டும் காயிலில் பனி மூடியிருந்தால் இரண்டு கோடும் இப்படி விலகும். காற்று பலவீனமாக வரும், அதனால் முதலில் அடிபடுவது கதவோரப் பெட்டிகள்தாம். 4 மணிக்குப் பிறகு என்ன ஆனது?

(ஒருங்கிணைப்பாளர்)
10 மணிக்கு ஓர் இடத்தில் இறக்கினார்கள். 40 நிமிடம் கதவு திறந்திருந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை. 4 மணிக்குத் தானியங்கி டிஃப்ராஸ்ட்; 6 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்திருந்தோம். அதன்பின் திரும்பும் காற்று இறங்கிக்கொண்டே வந்து 5-க்கு வந்துவிட்டது.

(ரீஃபர் பழுதுபார்ப்பவர்)
திறந்த கதவு வழியே புகுந்த ஈரக்காற்று காயிலில் பனியாகப் படிந்திருக்கும். டிஃப்ராஸ்டில் அந்தப் பனி உருகிவிட்டது, அவ்வளவுதான். மெக்கானிக் வந்தபோது சாட்சி வடிகுழாய் வழியாகச் சாலையில் போயிருக்கும். ஓட்டுநர் சந்தேகப்பட்டு நடுவழியில் கையால் டிஃப்ராஸ்ட் போட்டிருந்தால் சரக்கு தப்பியிருக்கலாம். ஆனால் அவர் பார்த்தது எந்த எண்ணை என்று கேளுங்கள். சில திரைகளில் நாம் வைத்த அளவும் உள்ளே இருக்கும் அளவும் அடுத்தடுத்து நிற்கும்.

(புதிய உறுப்பினர்)
எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் பனி மூடுகிறது. மீண்டும் குளிர்ந்துவிட்டதே, அந்த இறைச்சியை ஏன் பயன்படுத்தக் கூடாது?

(சரக்கைப் பெறும் கிடங்கின் தர அலுவலர்)
குளிரவைத்தால் கிருமிகளின் வளர்ச்சி மெதுவாகும். ஏற்கெனவே பெருகியது குறையாது. நான் பார்ப்பது எவ்வளவு நேரம் எல்லைக்கு மேலே இருந்தது என்பதை. போக்குவரத்துக்காரர்கள் பலர் 'பயணச் சராசரி' என்று ஓர் எண்ணை அனுப்புவார்கள். படிக்காமல் ஒதுக்கிவிடுவேன். கச்சாப் பதிவு, எந்தப் பெட்டி எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்ற பட்டியல், கதவு திறந்த நேரங்கள்: இவை மூன்றும் வந்தால் பேச்சு எளிது.

(ஒருங்கிணைப்பாளர்)
அவற்றைத்தான் அனுப்பினேன். வரைபடம் தயாராகும்வரை காத்திருக்காமல், 'சரக்கு எல்லையைத் தாண்டியிருக்கிறது, விற்பனைக்கு எடுக்க வேண்டாம்' என்ற இரண்டு வரி மட்டும் முதலில். பதிவுகளை இணைத்தபோது ஒரு சிக்கல். வாடிக்கையாளர் கருவியின் கடிகாரம் வேறு நேர மண்டலத்தில் இருந்ததால், ஏற்றும்போதே சரக்கு சூடாக இருந்ததுபோல் காட்டியது. ஏற்றுமிடத்தில் கதவு மூடிய கணம் இரண்டு பதிவிலும் ஒரே மாதிரிச் சரிவாகத் தெரிந்தது. அதை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்த பிறகுதான் நேரங்கள் ஒத்துவந்தன.

(தர அலுவலர்)
முன்பக்கப் பெட்டிகளை என்ன செய்தார்கள்? நானாக இருந்தால் 4 டிகிரியில் இருந்தவற்றைத் தனியே சோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

(ஒருங்கிணைப்பாளர்)
எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. காப்பீட்டு நிறுவனம், 'இயந்திரப் பழுது' இருந்தால்தான் இழப்பீடு என்கிறது. கதவைத் திறந்துவைத்ததால் மூடிய பனி பழுதா, கவனக்குறைவா என்று கடிதம் போய்வந்துகொண்டிருக்கிறது. மெக்கானிக் எழுதிக்கொடுத்த 'சரியாகவே ஓடுகிறது' என்ற தாள்தான் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது.