இடைவெளி குறைந்துகொண்டே போனால் அது எல்லையா? முதலாண்டு வகுப்பில் நான் மாட்டிக்கொண்ட அனுபவம்

தெப்பக்குளம் மாணவன்:
மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். எல்லை என்ற பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டதால், பேராசிரியை அதைப் பற்றிக் கேட்டபோது நானே எழுந்து நின்று, "x ஓர் எண்ணை நெருங்க நெருங்க, சார்பின் மதிப்புக்கும் எல்லைக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகும்" என்றேன். அவர் தவறு என்று சொல்லவில்லை. கரும்பலகைக்கு அழைத்து, x-க்கு 2.9, 2.99, 2.999 என்று கொடுத்து x²-ஐக் கணக்கிடச் சொன்னார். 8.41, 8.9401, 8.994001 என்று எழுதினேன். 9-க்கு உள்ள இடைவெளி 0.59, 0.0599, 0.005999 என்று குறைந்துகொண்டே வந்தது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்போது 10-க்கு உள்ள இடைவெளியை எழுதுங்கள்" என்றார். 1.59, 1.0599, 1.005999. "குறைகிறதா?" "குறைகிறது மேடம்." "அப்படியானால் 10-உம் எல்லைதானே?" சாக்பீஸோடு அப்படியே நின்றேன், கடைசி பெஞ்சில் சிரிப்புக் கேட்டது.

மறுநாள் அவர் ε, δ என்ற இரண்டு எழுத்துகளை வைத்து ஒரு வரியை எழுதி, x² கணக்குக்கு δ-வை ε/7 என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். ε ஏன் முதலில் வர வேண்டும், அந்த 7 எங்கிருந்து முளைத்தது என்ற இரண்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதே இடத்தில் தடுமாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

உசிலை விவசாயி:
எல்லை என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் தோட்டத்திலும் இந்தத் தொல்லை உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் ஆண்டுதோறும் வரப்பை ஒரு சாண் வெட்டிக்கொண்டே வருவதால், வரப்புக்கும் எங்கள் கிணற்றுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. சர்வேயரை வைத்துக் கல் நட்டுக்கொள்வதுதான் வழி தம்பி.

கப்பலூர் பட்டறை:
நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பட்டறை வைத்திருப்பவன். உங்கள் எழுத்துகள் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கு என் மேசைக்கே ஒருமுறை வந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் சதுரமான செம்புத் தகடுகள் கேட்டார். பக்க அளவு எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. பரப்பு 9 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும், 0.07 கூடலாம் அல்லது குறையலாம் என்றார். நான் வெட்டுவது பரப்பை அன்று, பக்கத்தை. ஆகவே 3 சென்டிமீட்டரிலிருந்து பக்கம் எவ்வளவு பிசகலாம் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். 3.01 வைத்தால் 9.0601, 2.99 வைத்தால் 8.9401, இரண்டும் அவர் கேட்ட அளவுக்குள் வருகின்றன. 3.02 வைத்தால் 9.1204, திருப்பி அனுப்பிவிடுவார். எனவே பையனிடம் 0.01 சென்டிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை அதே மனிதர் 0.007 தான் பொறுப்பேன் என்றார். பக்கத்தின் பிசகை 0.001 சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. அது மைக்ரோமீட்டரில் ஒரே ஒரு கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினோம்.

இதில் முதலில் பேசுபவர் வாடிக்கையாளர். அவர் எவ்வளவு பொறுப்பார் என்று சொன்ன பிறகே நான் எவ்வளவு பிசகலாம் என்று பார்க்கிறேன். உங்கள் 10-ஐயும் இப்படியே பாருங்கள். பரப்பு 10 வேண்டும், 0.5 மட்டுமே பொறுப்பேன் என்று ஒருவர் சொன்னால், 3-ஐ ஒட்டி நான் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அது ஆகாது. துல்லியம் கூடக் கூட 9-ஐத்தான் ஒட்டுவேனே தவிர 9.5-ஐக்கூடத் தொட மாட்டேன். ஆனால் ஒன்று: மைக்ரோமீட்டரின் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் இடைவெளி பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லை என்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலூர் பொறியியல்:
நான் மூன்றாமாண்டு பொறியியல் மாணவி. இதை இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. x-க்கு 3 என்று பிரதியிடுங்கள், 9 வரும், அதுதான் எல்லை. கடைசியில் இடைவெளி பூஜ்யமாகிவிடுகிறது, அவ்வளவுதான். நான் எல்லாத் தேர்வுகளிலும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண் குறைந்ததில்லை.

சோழவந்தான் வாத்தியார்:
முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். பட்டறைக்காரர் சொன்னதை நான் பணியில் இருந்த காலத்திலேயே கேட்டிருந்தால், வகுப்பில் அதையே சொல்லியிருப்பேன். வாடிக்கையாளர் பொறுக்கும் அளவுதான் ε, பக்கத்தில் விடக்கூடிய பிசகுதான் δ. வரிசையை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். கடைசி வாக்கியம் மட்டும் இடறுகிறது. கணிதத்தில் வரும் வாடிக்கையாளர் ஒரு கோட்டோடு நிற்பவர் அல்லர். 0.007 என்பார், 0.0007 என்பார், அதற்கும் கீழே எந்த மிகை எண்ணை வேண்டுமானாலும் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்தால்தான் 9 எல்லை. இடைவெளி பூஜ்யமாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யார் சொல்லும் அளவுக்கும் உள்ளே அடங்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். 10 தோற்றது குறையாததால் அன்று, மாணவர் எழுதிய இடைவெளிகள் 1-க்குக் கீழே இறங்காததால்.

மேலூர் மாணவிக்கு ஒரு கணக்கு. (x² − 9)/(x − 3) என்ற சார்பில் 3-ஐப் பிரதியிடுங்கள். மேலும் கீழும் பூஜ்யம் வந்து, மதிப்பே இல்லாமல் போகும். ஆனால் 3-ஐத் தவிர்த்த மற்ற இடங்களில் அது x + 3 தான்; 6-க்கு உள்ள இடைவெளி |x − 3|. ஆகவே எல்லை 6. இங்கே "கடைசியில்" என்று ஓர் இடமே கிடையாது, போய் நிற்பதற்கு 3-இல் தரை இல்லை. x² போன்ற தொடர்ச்சியான சார்புகளில் பிரதியிட்டால் சரியான விடை வருவது உண்மைதான். அதனால்தான் உங்கள் மதிப்பெண் குறையவில்லை. இந்தப் பூஜ்யமா இல்லையா என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. 1734-இல் பெர்க்லி என்ற பாதிரியார் நியூட்டனின் முறையை இதே காரணத்துக்காகக் கேலி செய்தார். ஒரே அளவைக் கணக்கின் நடுவில் பூஜ்யமன்று என்று வைத்து வகுக்கிறீர்கள், முடிவில் பூஜ்யம் என்று தள்ளிவிடுகிறீர்கள் என்பது அவர் வாதம். கோஷி 1821-இல் எல்லையை அடித்தளமாக வைத்து எழுதிய பிறகும், வயர்ஸ்ட்ராஸ் இன்றைய ε, δ வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகும்தான் அதற்குத் தெளிவான பதில் கிடைத்தது.

இனி அந்த 7. இடைவெளி |x² − 9|. அதை |x − 3| × |x + 3| என்று பிரிக்கலாம். முதல் காரணி நம் கையில் இருக்கிறது. அதுதான் பக்கத்தின் பிசகு. இரண்டாவது x-ஓடு சேர்ந்து மாறிக்கொண்டே இருப்பதுதான் தொந்தரவு. ஆகவே முதலில் ஒரு வேலி போடுகிறோம்: x, 3-லிருந்து 1-க்கு மேல் விலகக் கூடாது. அப்போது x, 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். x + 3 எந்த நிலையிலும் 7-ஐத் தாண்டாது. எனவே இடைவெளி 7 × |x − 3|-க்குள் அடங்கும். அது ε-க்குள் வர வேண்டுமானால் |x − 3|, ε/7-க்குள் இருந்தால் போதும். வேலியையும் மறக்கக் கூடாது. 1, ε/7 இரண்டில் எது சிறியதோ அதுவே δ. தேர்வுத்தாளில் பிள்ளைகள் தவறாமல் விடுவது இந்த 1-ஐத்தான். ε = 70 என்று யாராவது கேட்டால் ε/7 என்பது 10; x = 12 கூட உள்ளே வந்துவிடும், 144-க்கும் 9-க்கும் இடைவெளி 135.

பட்டறைக்காரரின் 0.07-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், அவர் பையனிடம் சொன்ன 0.01 வரும்.

கப்பலூர் பட்டறை:
ஐயா, நான் 7-ஆல் வகுக்கவில்லை, வெட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். 3.011 வைத்தாலும் 9.066 தானே வருகிறது, அதுவும் ஆகுமே?

சோழவந்தான் வாத்தியார்:
ஆகும். மிகப் பெரிய பிசகைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகக்கூடிய ஒன்றைச் சொன்னால் போதும், அதைவிடச் சிறியவை எல்லாம் தாமாகவே ஆகும்.

வண்டியூர் நிரலர்:
அட்டவணை போட்டு எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பி நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். முதலாண்டில் (1 − cos x)/x² என்ற சார்புக்கு, x பூஜ்யத்தை நெருங்கும்போது எல்லை ½ என்று வகுப்பில் சொன்னார்கள். கணினியில் சரிபார்க்கலாம் என்று இதை ஓட்டினேன்:

```python
from math import cos
for k in range(1, 9):
    x = 10.0**-k
    print(x, (1 - cos(x)) / x**2)
```

முதலில் 0.4995834, பிறகு 0.4999958 என்று அழகாக ஒட்டிக்கொண்டு வந்தது. x பத்து லட்சத்தில் ஒன்றானபோது 0.50004 என்று ½-க்கு மேலே நின்றது. அடுத்தது 0.4996. அதற்கடுத்து, x பத்துக் கோடியில் ஒன்றானபோது, சுத்தமாக 0.0. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, பிறகு கூடி, முடிவில் ½ ஆகவே நின்றது. எல்லை பூஜ்யம்தான், ஆசிரியர் தவறிவிட்டார் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் கணினி ஏறத்தாழ 16 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அந்தக் கடைசி x-க்கு cos x, 1-லிருந்து 17-ஆம் தசம இடத்தில்தான் வேறுபடுகிறது; கணினிக்கு அது 1-ஏ. 1-லிருந்து 1-ஐக் கழித்தால் பூஜ்யம். பின்னத்தின் மேலே உள்ள 1 − cos x-ஐ 2 sin²(x/2) என்று மாற்றி எழுதி ஓட்டியபோது கடைசி வரை ½-ஐ விட்டு விலகவில்லை. பட்டறைக்காரருக்கு மைக்ரோமீட்டர் கோடு போல, எனக்கு 16-ஆம் இலக்கம்.

மேலூர் பொறியியல்:
(x² − 9)/(x − 3) கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. ε, δ முறையில் 9 என்ற விடையை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டுதானே சரிபார்க்கிறோம்? அந்த 9-ஐக் கண்டுபிடிப்பதற்குப் பிரதியிடுதலோ அட்டவணையோ இல்லாமல் முடியாதே.

சோழவந்தான் வாத்தியார்:
அது நியாயமான கேள்வி. இந்த வரையறை விடையைத் தேடித் தராது, சொன்ன விடையைத்தான் சோதிக்கும். எல்லை என்னவென்று தெரியாமலேயே, ஓர் எல்லை இருக்கிறது என்று மட்டும் காட்ட கோஷியின் இன்னொரு வழி உண்டு. அது இந்த இழையில் அடங்காது.

தெப்பக்குளம் மாணவன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு x³-க்கு, x → 2 என்று வைத்து நானே செய்து பார்த்தேன். இடைவெளி |x − 2| × |x² + 2x + 4|. வேலியை 1 என்று போட்டால் x, 3-ஐத் தாண்டாது; இரண்டாவது காரணி 9 + 6 + 4 = 19-க்குள் அடங்குகிறது; ஆகவே 1, ε/19 இரண்டில் சிறியது. பிறகு வேலியை ½ என்று போட்டுப் பார்த்தேன், 15.25 வந்தது. இரண்டும் சரியா என்று இன்று காலை மேடத்திடம் கேட்டேன். சரிதான் என்றார். அதோடு விடாமல், "x-ஐ 2-க்குப் பதில் 200-ஐ நோக்கி நகர்த்தினால் அந்த 19 என்னவாகும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் வருகிறது. δ இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுமா என்று மலைப்பாக இருக்கிறது.