ரவுட்டரில் மாட்டிய பிரிண்டர் காலையில் மட்டும் ஏன் அச்சிடுவதில்லை?

முத்திரைத்தாள்:
பத்திரம் எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். மூன்று கணினிகள், ஒரே ஒரு பழைய எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர். அண்ணன் மகன் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்றி, பிரிண்டரை அதன் யுஎஸ்பி துளையில் மாட்டி, மூன்றிலிருந்தும் அச்சிடும்படி செய்து கொடுத்தான். ஆனால் இரவில் பிரிண்டரை அணைத்துக் காலையில் போட்டால் ஒரு தாளும் வருவதில்லை. கணினியோ அனுப்பியாகிவிட்டது என்கிறது. கேபிளைக் கழற்றி என் கணினியில் செருகி ஒரு தாள் எடுத்துவிட்டு, பிரிண்டரை அணைக்காமல் மறுபடி ரவுட்டரில் மாட்டினால் மாலை வரை ஓடுகிறது. ரவுட்டர் பழுதா?

மின்னல்வலை:
பழுதில்லை. ரவுட்டரின் முகவரி மாறியிருக்கும். கணினியில் பிரிண்டருக்குக் கொடுத்த ஐபி எண்ணும் ரவுட்டரின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எங்கள் கடையில் இதுதான் நடந்தது.

செப்புக்கம்பி:
முகவரியைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அது காரணமாக இருக்க முடியாது. முகவரி மாறியிருந்தால் அச்சு வேலை கணினியின் வரிசையிலேயே தேங்கி நிற்கும், பிழை என்று காட்டும். இவருக்கோ வேலை வெளியே போய்விட்டது, வாங்கிக்கொண்டவர்தான் தாள் தரவில்லை.

முத்திரைத்தாள், விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கணினியில் ஒருமுறை செருகி எடுத்தால் ஓடுகிறது என்றீர்களே, அதுதான். 1020 தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைத் தன்னிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் யாராவது அதை ஊட்ட வேண்டும். விண்டோஸ் டிரைவர், யுஎஸ்பி கேபிளில் பிரிண்டரைக் கண்டதும் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ரவுட்டர் வழியாகப் போகும்போது டிரைவருக்குத் தெரிவது 9100 என்ற போர்ட் மட்டும்தான். அதற்குப் பின்னால் பிரிண்டர் இப்போதுதான் விழித்ததா, காலையிலிருந்து விழித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ரவுட்டரில் உள்ள `p910nd` என்ற அச்சு நிரல் வந்த பைட்டுகளை அப்படியே பிரிண்டருக்குள் தள்ளும், அவ்வளவுதான். ஃபர்ம்வேர் இல்லாத பிரிண்டர் அவற்றை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

நாளைக் காலை பிரிண்டரைப் போட்டதும், அச்சு எதுவும் அனுப்புவதற்கு முன், ரவுட்டருக்குள் நுழைந்து இதைச் செய்து பாருங்கள்:

```
/etc/init.d/p910nd stop
cat /lib/firmware/sihp1020.dl > /dev/usb/lp0
/etc/init.d/p910nd start
```

அந்த ஃபர்ம்வேர் கோப்பை முதலில் அங்கே வைத்திருக்க வேண்டும். `sihp1020.img` என்ற பெயரில் கிடைத்தால் அதை நேரே அனுப்பாதீர்கள். லினக்ஸ் கணினியில் `foo2zjs` என்ற டிரைவர் தொகுப்போடு வரும் `arm2hpdl` கொண்டு மாற்றிய பிறகே பிரிண்டர் அதை ஏற்கும்:

```
arm2hpdl sihp1020.img > sihp1020.dl
```

கணக்குப்பிள்ளை:
ஒரு பத்திரம் அச்சிட இத்தனை வித்தையா? பிரிண்டரை ஒரு கணினியில் மாட்டி, விண்டோஸிலேயே பகிர்ந்து கொடுத்தால் போதும். ஃபர்ம்வேர் தானாகப் போகும், ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் தணிக்கை அலுவலகத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

செப்புக்கம்பி:
ஐயா, பிரிண்டர் மாட்டிய அந்தக் கணினி அணைந்திருந்தால் மற்ற இரண்டும் கை கட்டி நிற்க வேண்டும். இன்னொன்று, 2021 செப்டம்பர் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் `0x0000011b` என்ற பிழை எத்தனை பேரை அலைய வைத்தது! பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கவே முடியாமல், ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தித்தான் பலர் வழி கண்டார்கள். பதிவு ஆவணங்கள் வைத்திருக்கும் கணினியில் அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
எல்லாக் கணினிகளிலும் திருத்தங்களை ஒரே அளவில் ஏற்றி வைத்திருந்தால் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டியதில்லை, தம்பி. எப்படியும் வேலை நேரம் முழுக்க ஒரு கணினி ஓடத்தானே போகிறது? ரவுட்டர் கெட்டால் இவர்களுக்கு இணையமும் போகும், அச்சும் போகும். அண்ணன் மகன் வெளியூர் போய்விட்டால் அந்தக் கட்டளைகளை யார் தட்டுவது?

செப்புக்கம்பி:
கடைசிக் கேள்வி நியாயமானது. அதனால்தான் அது தானாக நடக்கும்படி செய்ய வேண்டும் என்கிறேன்.

இரட்டைமாடி:
நானும் இதே தொல்லையில் இருக்கிறேன். என்னுடையது கேனன் எல்பிபி 2900. மேலே சொன்ன கோப்பை அனுப்பினால் எனக்கும் ஓடுமா?

செப்புக்கம்பி:
வேண்டாம், அனுப்பாதீர்கள். அந்தக் கோப்பு 1020-க்கு மட்டுமே உரியது. உங்களுடையதின் நோய் வேறு. 2900-இன் டிரைவர் பக்கத்தை அனுப்பிவிட்டு ஒதுங்குவதில்லை, பிரிண்டரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டே வேலை செய்கிறது. 9100 போர்ட் வழியாக அந்த உரையாடல் நடக்காது. யுஎஸ்பி கேபிளையே வலையமைப்பு வழியாக நீட்டிக் கொடுக்கும் மென்பொருளோடு சில ரவுட்டர்கள் வருகின்றன, அவற்றில் ஓடலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பிரிண்டரைப் பிடித்திருக்க முடியும், அந்த மென்பொருளை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும்.

அச்சுக்கோவை:
இருவரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பையிலோ லினக்ஸ் போட்டுக் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவுங்கள். ஃபர்ம்வேர் ஊட்டும் ஏற்பாடு `foo2zjs` தொகுப்போடேயே வருகிறது, கைபேசியிலிருந்தும் அச்சிடலாம். முக்கியமாக, வேலைகளை அது தன்னிடம் வரிசையாகச் சேமித்து வைக்கும். `p910nd` எதையும் சேமிப்பதில்லை. ஒருவர் நாற்பது பக்கப் பத்திரம் அனுப்பினால் மற்றவர்களின் வேலை அவரவர் கணினியிலேயே காத்திருக்கும். பாதியில் அனுப்பியவரின் கணினி உறங்கிப் போனால் பத்திரமும் பாதியில் நின்றுவிடும். இதை நான் கண்ணால் பார்த்தேன், பதினேழாம் பக்கத்தில் நின்றது.

மின்னல்வலை:
மூன்று கணினிக்கு இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமா? ரவுட்டர் ஏற்கெனவே இருக்கிறதே. கணினி உறங்காமல் இருக்க அமைப்பை மாற்றினால் முடிந்தது.

முத்திரைத்தாள்:
இன்று காலை செய்து பார்த்தேன். முகவரி மாறவில்லை. அண்ணன் மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அந்த மூன்று வரிகளையும் நானே தட்டினேன். இரண்டாவது வரி முடிந்த சில நொடிகளில் பிரிண்டருக்குள் உருளைகள் ஒரு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு மூன்று கணினிகளிலிருந்தும் தாள் வந்தது. கேபிளைக் கழற்றவே இல்லை! ஆனால் ஒரு கணினியில் மட்டும் பிரிண்டர் இணைப்பில் இல்லை என்று காட்டுகிறது.

செப்புக்கம்பி:
மகிழ்ச்சி. அந்தக் கணினியில் பிரிண்டரின் போர்ட் அமைப்பைத் திறந்து `SNMP Status Enabled` என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பிரிண்டரின் நிலை என்ன என்று விண்டோஸ் அதன் வழியாகத்தான் கேட்கிறது. `p910nd`-க்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது, பதில் வராததால் விண்டோஸ் இல்லை என்று முடிவு கட்டுகிறது.

இனி அண்ணன் மகனிடம், பிரிண்டர் யுஎஸ்பியில் தென்படும்போது அந்தக் கட்டளை தானே ஓடும்படி `/etc/hotplug.d/usb/` கோப்புறையில் ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லுங்கள். 1020-இன் அடையாளம் `03f0:2b17`. ஃபர்ம்வேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று சோதித்த பிறகே அது அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் அசையும்போதெல்லாம் மறுபடி ஊட்டும். பிரிண்டரின் அடையாள வரியில் `FWVER` என்ற சொல் இருந்தால் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

கணக்குப்பிள்ளை:
மின்தடை வந்து போகும்போது ரவுட்டரும் பிரிண்டரும் ஒன்றாக எழுமே. ரவுட்டர் எழுந்து முடிப்பதற்குள் பிரிண்டர் காத்திருந்தால் உங்கள் நிரல் ஓடுமா?

செப்புக்கம்பி:
ஓட வேண்டும், ஆனால் `/dev/usb/lp0` தயாராகும் முன் நிரல் முந்திக்கொண்டால் தோற்கும். சில நொடி காத்திருக்கும்படி எழுத வேண்டும். எத்தனை நொடி என்பது அந்த ரவுட்டரைப் பொறுத்தது.

முத்திரைத்தாள்:
ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன். அதுவரை மூன்று வரிகளையும் ஒரு தாளில் அச்சிட்டு ரவுட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.