ஸ்விங், சீம், ரிவர்ஸ் ஸ்விங்: வர்ணனையில் எப்படிச் சொல்வது?

வணக்கம். உள்ளூர் கிரிக்கெட், கால்பந்துப் போட்டிகளுக்கு நேரலையில் தமிழ் வர்ணனை செய்கிறேன். ஓட்டம், களத்தடுப்பு எல்லாம் வாயில் இயல்பாக வந்துவிடுகின்றன. பந்தின் அசைவைச் சொல்லும்போதுதான் சிக்கல்.

ஸ்விங் என்றால் பந்து காற்றிலேயே வளைவது. சீம் என்றால் தையல் தரையில் பட்டுத் திசை மாறுவது. இரண்டையும் ‘திரும்புகிறது’ என்றால், கேட்பவர் சுழல்பந்து என்று நினைத்துக்கொள்கிறார். அதனால் முன்னதற்கு ‘காற்றில் வளையுது’, பின்னதற்கு ‘பட்டு விலகுது’ அல்லது ‘பட்டு உள்ளே வருது’ என்கிறேன். நன்றாகவே எடுபடுகிறது.

ரிவர்ஸ் ஸ்விங்கில்தான் மாட்டிக்கொண்டேன். ‘தலைகீழ் ஊசல்’ யாருக்கும் புரியாது. பந்து பழசாகி, வழக்கத்துக்கு மாறாக, பளபளப்பான பக்கம் நோக்கியே வளைகிறது என்று விளக்குவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். ‘எதிர்வளைவு’ சரியாக இருக்குமா?

அப்புறம், கால்பந்தில் தடுப்பாளர்களுக்கு நடுவே முன்னால் தள்ளிவிடும் த்ரூ பாலை உங்கள் ஊர் மைதானத்தில் எப்படிச் சொல்வீர்கள்? குறிப்பாக இலங்கை நண்பர்கள், வானொலியில் கேட்ட சொற்கள் நினைவிருந்தால் எழுதுங்கள்.